ஏசி சர்வீஸுக்கு ஒரே ஒரு பக்கம் போதும். அதில் என்ன இருக்க வேண்டும்?

கேள்வி: தண்டையார்பேட்டையில் நானும் மச்சானும் ஏசி, வாஷிங் மெஷின் சர்வீஸ் செய்கிறோம். போன் எல்லாம் வீட்டில் தங்கச்சிதான் எடுக்கிறாள். சீசனில் சமாளிக்க முடியவில்லை. வெப்சைட் போட்டு அதிலேயே புக்கிங் வைத்துக்கொள் என்கிறார்கள். ஒருத்தர் 25,000 ரூபாய் கேட்கிறார். எங்களைப் போன்றவர்களுக்கு எது போதும்? அதில் என்னென்ன கட்டாயம் இருக்க வேண்டும்?

பதில்:

அந்த 25,000 ரூபாயை இப்போது கொடுக்க வேண்டாம். உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு பக்கம். கூகுள் சைட்ஸில் இலவசமாகவே செய்துவிடலாம், தங்கச்சியே ஒரு மதியத்தில் செய்துவிடுவார். பக்கம் செய்வது சுலபம். அதில் என்ன எழுதுவது என்று நீங்களும் மச்சானும் உட்கார்ந்து முடிவு செய்வதுதான் நேரம் பிடிக்கும்.

மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு ஏசியிலிருந்து தண்ணீர் கட்டில் மேல் சொட்டிக்கொண்டிருக்கும்போது போனைக் கையில் எடுப்பவருக்குத் தெரிய வேண்டியது மூன்று விஷயம். எங்கள் ஏரியாவுக்கு வருவார்களா, வந்தால் எவ்வளவு ஆகும், எப்போது வருவார்கள். தங்கச்சிக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை இந்த மூன்றைக் கேட்டுத்தான் இருக்கும். இதற்கான பதில் பக்கத்தைத் திறந்ததும், விரலால் தள்ளாமலே, முதல் திரையில் தெரிய வேண்டும். ‘எங்களைப் பற்றி’, ‘எங்கள் நோக்கம்’, ஓடுகிற படங்கள் எல்லாம் 25,000 ரூபாய் பில்லை நியாயப்படுத்த வருபவை.

முதலில் ஏரியா. ‘சென்னை முழுவதும் சர்வீஸ்’ என்று எழுதாதீர்கள். வேளச்சேரியிலிருந்து வரும் போனுக்கு ‘அங்கெல்லாம் வர்றதில்லைங்க’ என்று சொல்வதும் தங்கச்சியின் நேரம்தானே. பின்கோடோடு எழுதுங்கள்: தண்டையார்பேட்டை 600081, பழைய வண்ணாரப்பேட்டை 600021, ராயபுரம் 600013, திருவொற்றியூர் 600019, வியாசர்பாடி 600039, கொடுங்கையூர் 600118. இவை அன்றன்றைக்கே போகக்கூடிய இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். மணலி 600068, எண்ணூர் 600057 இரண்டையும் தனி வரியில் போட்டு, ‘காலை நேரம் மட்டும், ஒரு நாள் முன்னதாகச் சொல்லவும்’ என்று எழுதிவிடுங்கள். கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டால் அடுத்த இரண்டு வீட்டுக்கும் சொன்ன நேரத்துக்குப் போக முடியாது என்பது உங்களுக்கே தெரியும். போக முடியாத நேரத்தைப் பக்கத்தில் கொடுக்காமல் இருப்பது வாடிக்கையாளரை இழப்பதில் சேராது.

அடுத்தது காசு. உங்கள் தொழிலில் சண்டை வருவதே இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிறையப் பேர் பக்கத்தில் ரேட்டே போடுவதில்லை. பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்பார்கள். உண்மைதான், பழுது என்னவென்று தெரியாமல் பில் போட முடியாது. ஆனால் வந்து பார்க்க எவ்வளவு என்பது உங்களுக்கு இன்றைக்கே தெரியும். வாட்டர் வாஷ் எவ்வளவு என்பதும் தெரியும். தெரிந்ததைப் போடுங்கள், தெரியாததற்கு விதியைப் போடுங்கள். விசிட்டிங் சார்ஜை எண்ணில் எழுதாவிட்டால் என்ன ஆகும்? நீங்கள் மூன்று மாடி ஏறி, கவரைக் கழற்றி, கபாசிட்டர் போயிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, ‘சரி, அப்புறம் சொல்றோம்’ என்பார்கள். முந்நூறு ரூபாய் கேட்டால், ‘போன்ல சொல்லவே இல்லையே’ என்பார்கள். தங்கச்சி சொல்லியிருப்பார், ஆனால் போனை எடுத்தது மருமகளாக இருந்திருக்கும், வீட்டில் இருப்பது மாமனாராக இருப்பார்.

அதனால் இப்படி எழுதுங்கள். தொகை உதாரணத்துக்குத்தான், உங்கள் ரேட்டை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்:

> வந்து பார்க்க ரூ.300. வேலையை எங்களிடமே செய்தால் இது பில்லில் கழியும். பார்த்த பிறகு வேண்டாம் என்றால் ரூ.300 மட்டும்.
>
> ஸ்ப்ளிட் ஏசி வாட்டர் வாஷ்: ரூ.700. இதற்கு விசிட்டிங் சார்ஜ் கிடையாது.
>
> ஸ்பேர் விலை தனி. மாற்றும் முன் விலை சொல்லிச் சம்மதம் வாங்குவோம். கழற்றிய பழைய பாகத்தை உங்களிடமே கொடுப்போம்.
>
> அதே பழுது 30 நாளுக்குள் திரும்ப வந்தால் விசிட்டிங் சார்ஜும் கூலியும் இல்லை.

கேஸ் சார்ஜ் பற்றித் தனியாக ஒரு வரி வேண்டும். ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32 என்று கேஸ் வகைக்கு ஏற்ப ரேட் மாறும், டன்னுக்கு ஏற்பவும் மாறும். அதனால் ‘ரூ.இவ்வளவு முதல்’ என்று போடலாம். ஆனால் அந்தத் தொகையில் லீக் கண்டுபிடித்து அடைப்பது சேர்த்தியா இல்லையா என்பதை எழுதியே ஆக வேண்டும். லீக்கை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் சில வாரத்தில் மறுபடி காற்றுதான் வரும், குளிர் வராது. அப்போது வாடிக்கையாளர் உங்கள் 30 நாள் வரியைக் காட்டுவார். கடலோரப் பக்கம், காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி இடங்களில் உப்புக் காற்றில் அவுட்டோர் காயிலே அரித்துப் போயிருக்கும். அங்கே ஒரு லீக்கை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். ‘காயில் அரித்திருந்தால் கேஸ் சார்ஜுக்கு 30 நாள் பொருந்தாது, அதை முன்பே காட்டிச் சொல்வோம்’ என்று சேர்த்துவிட்டால் இரண்டு பக்கமும் நியாயம்.

ஜிஎஸ்டி பதிவு இல்லையென்றால் ‘ஜிஎஸ்டி தனி’ என்று எழுதக்கூடாது. பதிவு இல்லாதவர் வரி வாங்க முடியாது. சர்வீஸ் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு கட்டாயம்.

இனி புக்கிங். இணையத்தில் கிடைக்கும் புக்கிங் கருவிகள் பலவும் ஈமெயிலை நம்பிச் செய்தவை. உதாரணமாக கூகுள் காலண்டரில் சாதாரண ஜிமெயில் கணக்குக்கே ஒரு புக்கிங் பக்கம் இலவசம். அழகாக இருக்கும், காலியான நேரத்தை மட்டும் காட்டும், ஒரே நேரத்தை இரண்டு பேர் எடுக்க விடாது. ஆனால் புக் செய்பவர் ஈமெயில் கொடுக்க வேண்டும், உறுதிச் செய்தியும் ஈமெயிலுக்குத்தான் போகும். புது வண்ணாரப்பேட்டையில் வாஷிங் மெஷின் ஓடாமல் துணியோடு நிற்கும் அம்மா அதைத் திறந்து பார்க்கப் போவதில்லை. டியூஷன் சென்டருக்கோ பல் டாக்டருக்கோ அது சரி. உங்களுக்குச் சரிவராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் வேலை ஒவ்வொன்றும் ஒரே அளவு நேரம் எடுப்பதில்லை.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளை மூன்றாகப் பிரியுங்கள்: 9 முதல் 12, 12 முதல் 3, 4 முதல் 7. ஒரு வாட்டர் வாஷுக்கு ஒரு மணி நேரம், போக வர அரை மணி. ஆக மூன்று மணி நேரத்தில் ஒருவர் இரண்டு வீடு. நீங்கள் இருவர் என்பதால் நான்கு வீடு. ஆனால் நான்கையும் விற்காதீர்கள், மூன்றை மட்டும் கொடுங்கள். லீக் பார்த்து, வேக்கம் போட்டு, கேஸ் ஏற்றும் வேலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். திரும்ப வந்த கம்ப்ளெயின்ட்டுக்கும் இடம் வேண்டும். அப்புறம், இரண்டாவது மாடியில் வெளிச்சுவரில் பிராக்கெட்டில் தொங்கும் அவுட்டோரை இறக்க வேண்டுமானால் ஒருவர் போய்ப் பயனில்லை, இரண்டு பேரும் போக வேண்டும். காலண்டர் கருவிக்கு இது ஒன்றும் தெரியாது. தங்கச்சிக்குத் தெரியும். அதனால் நேரத்தை உறுதி செய்வது தங்கச்சியாகவே இருக்கட்டும். அவருக்குத் தேவையான விவரங்களை வாடிக்கையாளரிடமிருந்து ஒரே தடவையில் வாங்கிக் கொடுப்பதுதான் உங்கள் பக்கத்தின் வேலை.

அதற்கு வாட்ஸ்அப் பட்டன் போதும். சும்மா சாட்டைத் திறந்துவிடும் பட்டனாக இல்லாமல், கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைத்த பட்டனாக இருக்க வேண்டும். லிங்க் இப்படி இருக்கும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=சர்வீஸ்%20வேண்டும்%0Aபின்கோடு:%0Aமெஷின்:%0Aஎன்ன%20பிரச்சனை:%0Aஎத்தனையாவது%20மாடி:%0Aஅவுட்டோர்%20எங்கே:%0Aஎந்த%20நேரம்:
```

`%20` என்றால் இடைவெளி, `%0A` என்றால் அடுத்த வரி. எண்ணுக்கு முன்னால் 91 மட்டும். பிளஸ் குறி, பூஜ்யம், நடுவில் இடைவெளி எதுவும் கூடாது. ஒரு பூஜ்யம் சேர்ந்துவிட்டாலும் அந்த எண் வாட்ஸ்அப்பில் இல்லை என்று வந்து நிற்கும். இதைத் தட்டினால் வாடிக்கையாளரின் வாட்ஸ்அப்பில் கேள்விகள் வரிசையாக எழுதப்பட்டுத் திறக்கும். அவர் பதிலை நிரப்பி அனுப்ப வேண்டியதுதான். சிலர் நிரப்பாமலே அனுப்புவார்கள், அதில் தப்பில்லை. அவருடைய எண் வந்துவிட்டதே, தங்கச்சி கேட்டு நிரப்பிக்கொள்ளலாம். பெரியவர்களுக்காகப் பக்கத்திலேயே போன் பட்டனும் இருக்கட்டும். அதன் லிங்க் `tel:+91XXXXXXXXXX`, இதில் பிளஸ் குறி வேண்டும்.

பட்டனுக்குக் கீழே ஒரு வரி கட்டாயம்: ‘மெசேஜ் அனுப்பியதும் நேரம் உறுதி ஆகாது. எங்களிடமிருந்து தேதியும் நேரமும் வந்த பிறகே உறுதி. காலை 8 முதல் இரவு 8 வரை ஒரு மணி நேரத்துக்குள் பதில் வரும்.’ ஒரு மணி நேரத்துக்குள் முடியாது என்றால் இரண்டு என்று போடுங்கள், ஆனால் போட்டதைக் காப்பாற்றுங்கள். தங்கச்சி அனுப்பும் பதிலும் ஒரே அச்சில் இருக்கட்டும்: ‘வியாழன் 12 முதல் 3க்குள் வருவோம். கிளம்பும்போது போன் செய்வோம். வந்து பார்க்க ரூ.300.’ வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் குயிக் ரிப்ளையாக இதைச் சேமித்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் தட்டச்சு செய்ய வேண்டாம். அந்த முந்நூறு ரூபாய் இப்போது வாடிக்கையாளரின் போனில் எழுத்தில் இருக்கிறது. மாமனாரிடம் காட்டலாம்.

எண் எது என்பதையும் யோசியுங்கள். உங்கள் சொந்த எண்ணைப் போடாமல் தொழிலுக்கு ஒரு சிம் வாங்கி அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். ஒரு கணக்கை இன்னும் நான்கு சாதனங்களில் இணைக்கலாம். தங்கச்சி போன் முதன்மை, உங்கள் இருவர் போனும் இணைப்பு. முகவரியும் மெஷின் போட்டோவும் மூவருக்கும் தெரியும். நேரம் எழுதி வைக்க ஒரு கூகுள் காலண்டரை மூவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். அது வீட்டுக்குள் இருக்கும் நோட்டு, வாடிக்கையாளர் பார்க்க வேண்டியதில்லை.

‘கூகுள் ஃபார்ம் வைத்தால் என்ன?’ என்று யாராவது சொல்வார்கள். வைக்கலாம், ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, ஃபார்ம் தானாக நேரத்தை மூடாது. வியாழன் காலை என்று இருபது பேர் டிக் அடித்தாலும் வாங்கிக்கொள்ளும். இரண்டு, மெஷின் போட்டோ அனுப்பச் சொல்லி ஃபைல் அப்லோட் கேள்வி வைத்தால், வாடிக்கையாளர் கூகுள் கணக்கில் சைன் இன் செய்தாக வேண்டும். அந்த இடத்திலேயே பாதிப் பேர் மூடிவிட்டுப் போவார்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்ப யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆட்கள் நான்கைந்து பேராகி, தங்கச்சியால் சாட்டைப் பார்த்து முடியவில்லை என்ற நிலை வரும்போது ஃபார்முக்குப் போங்கள்.

பக்கம் செய்யும் வேலைக்கு வருவோம். `sites.google.com` போய், தொழிலுக்கென்று ஒரு புது ஜிமெயிலில் புது சைட் திறங்கள். மேலே தலைப்பு, அடுத்து இரண்டு பட்டன், அடுத்து ஏரியா, அப்புறம் காசு, கடைசியில் நீங்கள் இருவரும் வேலை செய்யும் நிஜப் போட்டோ ஒன்றிரண்டு. முகம் தெரிகிற போட்டோவாக இருந்தால் கதவைத் திறப்பவர் அடையாளம் கண்டுகொள்வார். இன்டர்நெட்டில் எடுத்த வெள்ளைக்கார மெக்கானிக் படம் வேண்டவே வேண்டாம்.

தலைப்பில் தமிழோடு `AC Service Tondiarpet` என்று ஆங்கில எழுத்திலும் போடுங்கள். தமிழில் பேசுபவர்கள்கூடத் தேடும்போது அப்படித்தான் தட்டுகிறார்கள். எண், ரேட், ஏரியா எல்லாம் எழுத்தாக இருக்க வேண்டும், படமாக இருக்கக்கூடாது. விசிட்டிங் கார்டை போட்டோ எடுத்துப் பக்கத்தில் ஒட்டிவிடுபவர்கள் அதிகம். படத்தில் இருக்கும் எண்ணைத் தட்டினால் போன் போகாது.

இன்னொன்று: சைட்ஸில் ரேட்டை மாற்றினால் மட்டும் போதாது, மறுபடி `Publish` அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் உங்கள் திரையில் புது ரேட்டும் ஊருக்குப் பழைய ரேட்டும் தெரியும்.

இதோடு கூகுள் பிசினஸ் புரொஃபைல் ஒன்றும் வேண்டும். தேடினால் மேப்போடு வருவது அதுதான், உங்கள் பக்கத்துக்கு ஆள் வருவதே பெரும்பாலும் அந்த வழியில்தான். முன்பெல்லாம் அதிலேயே ஒரு இலவச வெப்சைட் கொடுத்தார்கள், 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். அதனால் வெப்சைட் என்ற இடத்தில் உங்கள் சைட்ஸ் லிங்க்கைப் போடுங்கள். கடை இல்லாமல் வீட்டிலிருந்து தொழில் செய்தால் முகவரியை மறைத்து, சேவை செய்யும் ஏரியாவை மட்டும் காட்டலாம். இருபது ஏரியா வரை சேர்க்க விடும். பெயர் போடும் இடத்தில் தொழிலின் பெயரை மட்டும் போடுங்கள். ‘பெஸ்ட் ஏசி சர்வீஸ் லோ பிரைஸ் வடசென்னை’ என்று நீட்டினால் கூகுள் புரொஃபைலையே முடக்கலாம். புரொஃபைலிலும் பக்கத்திலும் போன் எண் ஒன்றாகவே இருக்கட்டும்.

கம்பெனி லோகோக்களை வரிசையாகப் போடும் ஆசையை விட்டுவிடுங்கள். ‘எல்லா கம்பெனி ஏசியும் பார்ப்போம்’ என்று எழுத்தில் சொன்னால் போதும். அதிகாரம் இல்லாமல் ‘ஆத்தரைஸ்டு சர்வீஸ்’ என்று போடுவது ஏமாற்று, டிரேட்மார்க் நோட்டீஸும் வரலாம். போலி கஸ்டமர் கேர் எண்களில் பணம் இழந்த கதையை எல்லோரும் கேட்டிருப்பதால், ‘முன்பணம் வாங்குவதில்லை. ஓடிபி, யுபிஐ பின் எதுவும் கேட்க மாட்டோம். வேலை முடிந்த பிறகு நேரில் பணம்’ என்று ஒரு வரி போடுங்கள். அந்த வரி லோகோக்களைவிட அதிகம் நம்பிக்கை தரும்.

சொந்தப் பெயரில் டாட் இன் முகவரி வேண்டும் என்றால் அடுத்த வருடம் வாங்கலாம். வாங்கும்போது உங்கள் ஈமெயிலில், உங்கள் பெயரில் வாங்குங்கள். செய்து கொடுப்பவர் பெயரில் இருந்தால் அவரோடு மனஸ்தாபம் வந்த அன்றே முகவரியும் போய்விடும். முதல் வருட விலையை மட்டும் பார்க்காமல் புதுப்பிக்கும் விலையையும் கேளுங்கள், பெரும்பாலும் வித்தியாசம் இருக்கும்.

போட்டு முடித்ததும் சொந்தக்காரர் ஒருவரின் பழைய ஆண்ட்ராய்டு போனில், வைஃபை இல்லாமல், லிங்க்கைத் திறந்து கொடுங்கள். ‘மணலிக்கு வருவாங்களா, வந்து பார்க்க எவ்வளவு’ என்று கேளுங்கள். விரலைத் தள்ளித் தேடினால் வரிசையை மாற்றுங்கள். அதற்குப் பிறகு வரும் மெசேஜ்களையும் கவனியுங்கள். பக்கத்தைப் பார்த்து வந்தவரே ‘சார்ஜ் எவ்வளவு?’ என்று கேட்டால் காசு வரி கண்ணில் படவில்லை. பின்கோடே இல்லாமல் மெசேஜ் வந்தால் பட்டனின் லிங்க் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, சீசனில் மூன்று நாளுக்கு எல்லா நேரமும் நிரம்பிவிட்டால் அதையும் பக்கம் சொல்ல வேண்டும். தலைப்புக்குக் கீழே ‘சனிக்கிழமை வரை நேரம் இல்லை. ஞாயிறு முதல் பதிவு செய்யலாம்’ என்று தங்கச்சி ஒரு வரி சேர்த்து `Publish` அழுத்தட்டும். அதையே வாட்ஸ்அப் பிசினஸின் அவே மெசேஜிலும் வைக்கட்டும். இடம் கிடைத்ததும் இரண்டு இடத்திலும் எடுத்துவிட வேண்டும். ஜூலையிலும் ‘நேரம் இல்லை’ என்று காட்டிக்கொண்டு நிற்கும் பக்கங்கள் நிறைய உண்டு.